அடைபட்ட கட்டம் வைத்ததும் வழிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடுதலாக வருகிறது

வைகைக்கரை

வணக்கம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், டைனமிக் புரோகிராமிங் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். இடது மேல் மூலையில் கிளம்பி வலது கீழ் மூலைக்குப் போக வேண்டும். வலப்பக்கமோ கீழ்ப்பக்கமோ மட்டும்தான் நகரலாம். மொத்தம் எத்தனை வழி என்பதுதான் கணக்கு. 4 வரிசை, 5 நெடுவரிசைக்கு 35 வந்தது, அது சரி. அடுத்து இரண்டு கட்டங்களை அடைத்துப் பார்த்தேன். `#` உள்ள கட்டத்தில் கால் வைக்கக் கூடாது.

```python
grid = ["...#.",
        ".....",
        ".#...",
        "....."]
R, C = 4, 5
dp = [[1] * C for _ in range(R)]
for i in range(R):
    for j in range(C):
        if grid[i][j] == '#':
            dp[i][j] = 0
        elif i > 0 and j > 0:
            dp[i][j] = dp[i-1][j] + dp[i][j-1]
print(dp[-1][-1])
```

இது 20 என்கிறது. தாளில் ஒவ்வொரு வழியாக எழுதிப் பார்த்தால் 19தான் வருகிறது. விடுதியில் நண்பனும் தனியாக எழுதிப் பார்த்தான், அவனுக்கும் 19. அடைபட்ட கட்டத்தில் 0 போட்டுத்தானே இருக்கிறேன்? அப்புறம் அந்த ஒன்று எங்கிருந்து வருகிறது?

தட்டச்சுத்தம்பி

டேபிள் முழுக்க 1 நிரப்பியதுதான் கோளாறு. `[1] * C` என்பதை `[0] * C` என்று மாற்றுங்கள், சரியாகிவிடும்.

வைகைக்கரை

மாற்றினேன். இப்போது விடை 0.

பழையகம்பைலர்

தம்பி சொன்னதில் பாதி சரி. 1 நிரப்பியதுதான் கோளாறு, ஆனால் எல்லாவற்றையும் 0 ஆக்கினால் கூட்டுவதற்கு எதுவுமே இருக்காது. எங்காவது ஓரிடத்தில் ஒரு 1 வேண்டும். அது எங்கே என்பதுதான் விஷயம்.

விடையை மட்டும் அச்சிடாமல் முழு டேபிளையும் அச்சிட்டுப் பாருங்கள். உங்கள் முதல் நிரல் தருவது இது:

```
1  1  1  0  1
1  2  3  3  4
1  0  3  6 10
1  1  4 10 20
```

எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கிளம்பிய இடத்திலிருந்து இங்கே வந்து சேர எத்தனை வழி? மேல் வரிசையின் கடைசிக் கட்டத்தை, அதாவது `(0,4)`-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே கட்டம் கிடையாது. இடப்பக்கம் இருப்பது `(0,3)`, அதை நீங்களே அடைத்துவிட்டீர்கள். ஆக அங்கே யாராலும் வர முடியாது, 0 இருக்க வேண்டும். ஆனால் 1 இருக்கிறது. முதலில் நிரப்பிய 1தான் அது. `elif i > 0 and j > 0` என்ற நிபந்தனை முதல் வரிசையைத் தொடுவதே இல்லை என்பதால் அது அப்படியே தங்கிவிட்டது.

அந்த ஆளில்லாத 1 கடைசி நெடுவரிசை வழியாக இறங்குவதைப் பாருங்கள். 3 வர வேண்டிய இடத்தில் 4, 9 வர வேண்டிய இடத்தில் 10, 19 வர வேண்டிய இடத்தில் 20.

தடை இல்லாத கட்டங்களில் முதல் வரிசை முழுக்க 1 என்பது சட்டம் இல்லை. நேராக வலப்பக்கம் போவதைத் தவிர வேறு வழி இல்லாததால் கிடைக்கும் விளைவு அது. நடுவில் ஒரு தடை விழுந்தால் அதற்கு வலப்பக்கம் இருக்கும் முதல் வரிசைக் கட்டங்கள் அத்தனையும் செத்துவிடும். முதல் நெடுவரிசைக்கும் இதேதான்: தடைக்குக் கீழே எல்லாம் 0.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். 1 போடுவது கிளம்பும் கட்டத்தில் மட்டும்.

```python
dp = [[0] * C for _ in range(R)]
for i in range(R):
    for j in range(C):
        if grid[i][j] == '#':
            continue
        if i == 0 and j == 0:
            dp[i][j] = 1
        if i > 0:
            dp[i][j] += dp[i-1][j]
        if j > 0:
            dp[i][j] += dp[i][j-1]
```

கிளம்பும் கட்டமே அடைபட்டிருந்தால் `continue` ஓடிவிடும், எங்கும் 1 விழாது, விடை 0. சேர வேண்டிய கட்டம் அடைபட்டிருந்தாலும் 0. இரண்டுக்கும் தனியாக `if` எழுத வேண்டியதில்லை. லீட்கோட்டின் `Unique Paths II` கணக்கில் பலரைக் கவிழ்ப்பது இந்த இரண்டு சோதனைகளும்தான்.

கணக்குவாத்தியார்

இதற்கு நிரலே வேண்டாமே. பிளஸ் ஒன் கணக்கில் வரும் சேர்மானம்தான். 4-ம் 5-ம் சேர்ந்து 9 நகர்வு, அதில் 4-ஐத் தேர்ந்தெடுத்தால் 126. அதிலிருந்து தடை வழியாகப் போவதைக் கழித்தால் முடிந்தது. 35 எப்படி வந்தது என்று புரியவில்லை.

பழையகம்பைலர்

ஐயா, நீங்கள் சொல்லும் 126 கோடுகளின் மேல் நடப்பவருக்கு. 4 × 5 கட்டங்களை வரைந்தால் அதன் கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் 5 × 6. ஒரு மூலைப் புள்ளியிலிருந்து எதிர் மூலைப் புள்ளிக்குப் போக 4 இறக்கம், 5 வலம். இங்கே ஆள் கட்டத்துக்குள் நிற்கிறார். முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டத்துக்கு 3 இறக்கம், 4 வலம், ஆக மொத்தம் 7 நகர்வு. 7-ல் 3-ஐத் தேர்ந்தெடுத்தால் 35.

இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வருவதுதான். புராஜெக்ட் ஆய்லரின் 15-வது கணக்கில் 20 × 20 என்று போட்டிருக்கும், அங்கே நடப்பது கோடுகளின் மேல். அதனால் அதன் விடை 40-ல் 20, அதாவது 137846528820. கட்டத்துக்குள் நடப்பதாக நினைத்தால் 38-ல் 19 வரும், 35345263800. எது நகர்கிறது, எதன் மேல் நகர்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்குவாத்தியார்

சரி, கட்டம் என்றால் 35தான். இப்போது கழித்துப் பார்க்கிறேன். `(0,3)` வழியாக: அங்கே வர 1 வழி, அங்கிருந்து போக 4-ல் 1, அதாவது 4 வழி. பெருக்கினால் 4. `(2,1)` வழியாக: வர 3 வழி, போக 4 வழி, ஆக 12. 35 − 4 − 12 = 19. நிரல் இல்லாமலே வந்துவிட்டது பாருங்கள். மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பழையகம்பைலர்

19 சரி. ஆனால் இந்த அமைப்பு உங்களுக்குத் தோதாக அமைந்துவிட்டது. `(0,3)`-ஐத் தொட்டவர் அதற்கு இடப்பக்கம் இருக்கும் `(2,1)`-க்குத் திரும்பி வர முடியாது. எனவே இரண்டையும் தொடும் வழி ஒன்றுகூட இல்லை.

தடைகளை `(1,1)`, `(2,3)` என்று மாற்றிப் போடுங்கள். `(1,1)` வழியாக 2 × 10 = 20. `(2,3)` வழியாக 10 × 2 = 20. 35 − 20 − 20 = −5. எதிர்மறை எண்ணிக்கையில் வழி இருக்க முடியாதே! இரண்டையும் தொடும் வழிகளை இரண்டு தடவை கழித்துவிட்டோம். அவை 2 × 3 × 2 = 12. அதைத் திரும்பச் சேர்த்தால் 7. டேபிளும் அதையே சொல்கிறது:

```
1  1  1  1  1
1  0  1  2  3
1  1  2  0  3
1  2  4  4  7
```

தடை மூன்று, நான்கு என்று ஏறினால் கழிப்பதும் கூட்டுவதும் கையை விட்டுப் போய்விடும். டேபிளுக்கு எத்தனை தடை என்பது பொருட்டே இல்லை, கட்டத்துக்கு ஒரு கூட்டல்தான்.

அதற்காக உங்கள் முறை வீண் என்று சொல்ல மாட்டேன். கட்டங்கள் ஒரு லட்சத்துக்கு ஒரு லட்சம், தடைகள் சில ஆயிரம் மட்டும் என்றால் டேபிளை நினைவகத்தில் வைக்கவே முடியாது. அட்கோடரின் டிபி பயிற்சித் தொகுப்பில் `Grid 2` என்ற கணக்கு அப்படிப்பட்டதுதான். அங்கே தடைகளை வரிசைப்படுத்தி, 'இந்தத் தடைதான் முதலில் தொடும் தடை' என்று வைத்துக் கழிப்பார்கள். உங்கள் யோசனையின் வளர்ந்த வடிவம் அது.

வைகைக்கரை

நன்றி அண்ணா, 19 வந்துவிட்டது. அடுத்த கணக்கில் சிக்கல். இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு செலவு. மிகக் குறைந்த மொத்தச் செலவில் போக வேண்டும். தடைகள் அதே இடத்தில்.

```
1  2  1  #  1
4  3  6  2  5
2  #  1  4  1
3  1  2  3  2
```

கூட்டலுக்குப் பதில் `min` போட்டு, அந்தக் கட்டத்தின் செலவைச் சேர்த்தேன். அடைபட்ட கட்டத்தில் முன்பு போலவே 0. விடை 8 வருகிறது. இந்த முறை தாளில் எழுதிப் பார்க்கவில்லை, ஆனால் 8 ரொம்பக் குறைவாகத் தெரிகிறது.

ஸ்பீடுசெல்வம்

டேபிள் எல்லாம் எதற்கு? நிற்கும் இடத்திலிருந்து வலம், கீழ் இரண்டில் எது மலிவோ அங்கே போய்க்கொண்டே இரு. 1, 2, 1 என்று போவோம். அங்கே வலப்பக்கம் அடைப்பு, அதனால் கீழே 6. அப்புறம் 1, 2, 3, 2. மொத்தம் 18. அதுதான் விடை.

பழையகம்பைலர்

செல்வம், 18 சரியான விடைதான். ஆனால் இந்த வழி அந்த 6 இருக்கும் கட்டத்தை நம்பியிருக்கிறது. அதை 9 ஆக்குங்கள். உங்கள் ஆள் அப்போதும் 1, 2, 1 என்றுதான் போவார், அதற்குள் வலப்பக்கம் அடைபட்டிருக்கும், 9-ல் இறங்கியே ஆக வேண்டும். மொத்தம் 21. ஆனால் முதல் நெடுவரிசையில் நேராக இறங்கி 1, 4, 2, 3, பிறகு 1, 2, 3, 2 என்று போனால் 18-லேயே முடிகிறது. முதல் அடியிலேயே 2-ஐ விட்டு 4-ஐ எடுக்கத் துணிந்தவருக்குத்தான் அது கிடைக்கும். தடை இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு: மலிவாக இருக்கிறதே என்று போய் முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டால், இந்த முறைக்குத் திரும்பி வரத் தெரியாது.

வைகைக்கரை, உங்கள் சந்தேகம் நியாயமானது. தாளே இல்லாமல் சரிபார்க்கலாம். எந்த வழியில் போனாலும் 4 + 5 − 1 = 8 கட்டங்களைத் தொட்டாக வேண்டும். எந்தச் செலவும் 1-க்குக் குறையவில்லை, கடைசிக் கட்டம் 2. ஆக என்னதான் செய்தாலும் 9-க்குக் கீழே போகவே முடியாது. 8 என்றால் யாரோ சுவர் வழியாக வந்திருக்கிறார்கள்.

எண்ணும் கணக்கில் 0 ஏன் வேலை செய்தது? அங்கே செய்வது கூட்டல். 0-ஐக் கூட்டினால் ஒன்றும் மாறாது, எனவே 'இந்தப் பக்கம் வழி இல்லை' என்று சொல்ல 0 பொருத்தம். இங்கே செய்வது `min`. அதற்கு 0 என்றால் 'இலவசமாக வந்துவிட்டேன்' என்று பொருள். எல்லா எண்களையும் தோற்கடித்து 0தான் ஜெயிக்கும். `min`-க்கு முன்னால் ஒருபோதும் ஜெயிக்காத எண் வேண்டும், அதாவது முடிவிலி. பைத்தானில் `float('inf')`.

அதை வைத்து டேபிளைப் போட்டால் இப்படி வரும். முடிவிலிக்கு `x` என்று எழுதியிருக்கிறேன்.

```
 1   3   4   x   x
 5   6  10  12  17
 7   x  11  15  16
10  11  13  16  18
```

`(2,2)`-ஐ மட்டும் கூடவே சேர்ந்து போட்டுப் பாருங்கள். மேலே 10, இடப்பக்கம் முடிவிலி. இரண்டில் சிறியது 10, அந்தக் கட்டத்தின் செலவு 1, ஆக 11. இடப்பக்கச் சுவர் போட்டியிலேயே இல்லை. உங்கள் நிரலில் அங்கே 0 ஜெயித்திருக்கும், 10 காணாமல் போய் வெறும் 1 வந்திருக்கும்.

`(0,4)`-ஐயும் கவனியுங்கள். அது அடைபட்ட கட்டம் இல்லை, ஆனாலும் முடிவிலி. போன கணக்கில் மாட்டிய அதே கட்டம்தான்.

ஜாவாஜெயந்தி

நானும் இதே கணக்கை ஜாவாவில் போட்டுப் பார்த்தேன். முடிவிலிக்கு `Integer.MAX_VALUE` வைத்தேன். விடை -2147483640 வருகிறது! செலவு எல்லாம் நேர்ம எண்தானே?

பழையகம்பைலர்

உங்கள் எண்ணின் கடைசி இலக்கங்களே கதையைச் சொல்கின்றன. `(0,4)`-க்கு வரும்போது `Integer.MAX_VALUE + 1` கணக்காகிறது. `int`-ல் இடம் போதாமல் அது -2147483648 என்று சுற்றிவிடுகிறது. இப்போது உலகத்திலேயே மலிவான கட்டம் அதுதான். அங்கிருந்து கடைசி நெடுவரிசையில் இறங்கும்போது 5, 1, 2 சேர்கிறது. மொத்தம் 8 கூடி -2147483640. மறுபடியும் அதே ஆளில்லாத வழி, வேறு வேடத்தில்.

கூட்டுவதற்கு முன் பார்த்துக்கொண்டால் போதும்:

```java
int best = Math.min(up, left);
dp[i][j] = (best == INF) ? INF : best + cost[i][j];
```

பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை, `float('inf')` உடன் எதைக் கூட்டினாலும் முடிவிலியாகவே இருக்கும்.

தட்டச்சுத்தம்பி

நான் `INF` என்று 999 வைப்பேன். சின்னக் கணக்குகளுக்கு எப்போதும் ஓடும்.

ஜாவாஜெயந்தி

வழியே இல்லாத கட்டங்களைக் கொடுத்துப் பாருங்கள் தம்பி. 999 உடன் ஏதோ சேர்ந்து 1004 என்று வரும், அதை விடை என்று நம்பிவிடுவீர்கள். உண்மையான செலவே 999-ஐத் தாண்டினாலும் கதை முடிந்தது.

தட்டச்சுத்தம்பி

அப்படியானால் 10 கோடி வைக்கிறேன். போட்டிகளில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், கூட்டினாலும் `int`-ஐத் தாண்டாது. ஒவ்வொரு கட்டத்திலும் `if` எழுத எனக்குப் பொறுமை இல்லை.

பழையகம்பைலர்

கணக்கில் செலவின் உச்ச வரம்பும் கட்டங்களின் அளவும் கொடுத்திருந்தால் அப்படி வைக்கலாம். ஒரு வழியில் எத்தனை கட்டமோ அதை உச்சச் செலவால் பெருக்குங்கள். நீங்கள் வைக்கும் எண் அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அதோடு அந்தப் பெருக்கலைக் கூட்டினாலும் `int`-க்குள் அடங்க வேண்டும். கடைசியில் விடை அந்த எண்ணைத் தொட்டதா என்றும் பார்க்க வேண்டும். எனக்கு அந்த `if`-ஏ பிடிக்கும். இதில் ஆளுக்கு ஒரு பழக்கம்.

கிடங்குக்காரன்

நான் இங்கே புதியவன். எங்கள் கிடங்கில் சாமான் எடுக்கும் வண்டிக்கு வழி போட வேண்டும். சில இடங்களில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும், அதெல்லாம் அடைப்பு. தரை மோசமாக இருக்கும் இடத்தில் செலவு அதிகம். வைகைக்கரையின் நிரலை எடுத்து, மேல், கீழ், இடம், வலம் நான்கையும் `min`-க்குள் போட்டேன். சில சமயம் சரியாக வருகிறது, சில சமயம் சுற்றுவழியைக் காட்டுகிறது. இன்னும் எத்தனை தடவை லூப் ஓட்ட வேண்டும்?

பழையகம்பைலர்

உங்கள் கணக்கு வேறு. வலமும் கீழும் மட்டும் என்பதால்தான் இந்த டேபிள் ஓடுகிறது. ஒரு கட்டத்துக்கு வரும்போது அதன் மேல் கட்டமும் இடக் கட்டமும் ஏற்கெனவே முடிவாகிவிட்டன, இனி மாறாது. நான்கு பக்கமும் போகலாம் என்றால் இந்தக் கட்டம் வலக் கட்டத்தைக் கேட்கும், வலக் கட்டம் இதைக் கேட்கும். எதை முதலில் நிரப்புவது?

லூப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டி, எந்த எண்ணும் மாறாத வரைக்கும் போனால் சரியான விடைக்கு வந்துவிடும், அதில் பிழை இல்லை. ஆனால் எத்தனை தடவை என்பது அடைப்புகள் எப்படி வளைந்து கிடக்கின்றன என்பதைப் பொறுத்தது. அதைவிட டைக்ஸ்ட்ரா முறை நல்லது. இதுவரை தொட்டதில் எந்தக் கட்டத்துக்கு வந்து சேரும் மொத்தச் செலவு குறைவோ அதை முதலில் முடிப்பது, அவ்வளவுதான். செலவில் எதிர்மறை எண் இல்லாதவரை அது தப்பாது.

பழகிப்பார்க்க வேண்டுமென்றால் புராஜெக்ட் ஆய்லர் 81, 82, 83 மூன்றையும் வரிசையாகப் போடுங்கள். மூன்றிலும் 80 × 80 அணிதான். 81-ல் வலம், கீழ். 82-ல் மேலேயும் போகலாம். 83-ல் நான்கு பக்கமும். டேபிள் எங்கே உடைகிறது என்பது 82-லேயே தெரிந்துவிடும்.

கிடங்குக்காரன்

வண்டி திரும்புவதற்கே நேரம் பிடிக்கிறது. நேராகப் போனால் செலவு குறைவு. அதையும் சேர்க்க வேண்டுமா?

பழையகம்பைலர்

அப்படியானால் கட்டம் மட்டும் போதாது, எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதும் நிலையில் சேர வேண்டும். கட்டத்துக்கு நான்கு நிலை. தனி இழை தொடங்குங்கள், இங்கே போட்டால் இவர்கள் குழம்புவார்கள்.

வைகைக்கரை

எண்ணும் நிரலில் முழு டேபிள் வேண்டாம், ஒரே வரிசை போதும் என்று படித்தேன். எழுதிப் பார்த்தேன். தடை இல்லாமல் 35 சரியாக வருகிறது. தடையோடு 27.

```python
dp = [0] * C
dp[0] = 1
for i in range(R):
    for j in range(C):
        if grid[i][j] == '#':
            continue
        if j > 0:
            dp[j] += dp[j-1]
```

ஜாவாஜெயந்தி

இதற்கு நான் சொல்கிறேன். முழு டேபிளில் `continue` சரி, ஏனென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் முதலிலேயே 0 இருந்தது. ஒற்றை வரிசையில் `dp[j]`-க்குள் இருப்பது போன வரிசையின் எண், அதாவது மேல் கட்டத்தின் எண். `continue` என்று தாண்டினால் அந்தப் பழைய எண் அடைபட்ட கட்டத்திலேயே உட்கார்ந்துவிடும். `(2,1)`-ல் 0 இருக்க வேண்டும், ஆனால் மேலிருந்து வந்த 2 இருக்கிறது. அங்கிருந்து முடிவுக்கு 4 வழி. 2 × 4 = 8 கூடுதல், 19 + 8 = 27. உங்கள் சுவர் பக்கத்திலிருந்து வருபவரைத் தடுக்கிறது, மேலிருந்து வருபவரை விட்டுவிடுகிறது.

`continue`-க்குப் பதில் `dp[j] = 0`, அடுத்ததை `elif` ஆக்குங்கள்.

வைகைக்கரை

19! நன்றி அக்கா. மேல் வரிசைத் தடை மட்டும் இருந்தபோது `continue` வைத்தும் சரியாக வந்தது, அதனால்தான் சந்தேகப்படவில்லை.

ஜாவாஜெயந்தி

ஆமாம், முதல் வரிசையில் பழைய எண் என்று எதுவும் இல்லையே, 0தான் இருக்கும். அதனால் சோதிக்கும்போது முதல் வரிசையில் ஒரு தடை, முதல் நெடுவரிசையில் ஒன்று, நடுவில் ஒன்று என்று தனித்தனியாக வைத்துப் பாருங்கள்.

ஸ்பீடுசெல்வம்

செலவுக் கணக்குக்கு வருகிறேன். 18 என்று தெரிகிறது, சரி. எந்த வழி என்று எப்படி எடுப்பது? பழையகம்பைலர் சொன்ன முதல் நெடுவரிசை வழியிலும் 18 வந்ததே. அப்படியானால் 18-க்கு இரண்டு வழியா?

பழையகம்பைலர்

மூன்று. கடைசிக் கட்டத்திலிருந்து பின்னால் நடங்கள். 18-ல் அதன் செலவு 2-ஐக் கழித்தால் 16. மேலேயும் 16, இடப்பக்கமும் 16. இரண்டு பக்கமும் போகலாம். மேலே போனால் `(2,4)`, அங்கிருந்து 15, 11, 10, 4 என்று ஒரே வழி. இடப்பக்கம் போனால் 16, அதற்கு இடப்பக்கம் 13. 13-லிருந்து 2-ஐக் கழித்தால் 11, அங்கேயும் மேலே 11, இடப்பக்கம் 11. அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஆக மூன்று.

இதைப் பின்னால் நடக்காமலே எடுக்கலாம். செலவு டேபிளுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணிக்கை டேபிள். எந்தப் பக்கம் `min`-ஐக் கொடுத்ததோ அந்தப் பக்கத்தின் எண்ணிக்கையை எடு, இரண்டும் சமமானால் இரண்டையும் கூட்டு. இங்கே முடிவிலியும் முடிவிலியும் சமம் என்று கணக்காகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றை வரிசையில் சுருக்கிவிட்டால் பின்னால் நடக்க டேபிள் இருக்காது. வழியே வேண்டுமென்றால் முழு டேபிளையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

தட்டச்சுத்தம்பி

சிஎஸ்இஎஸ் தளத்தில் இதே எண்ணும் கணக்கு இருக்கிறது, 1000 × 1000 வரை. விடையை 1000000007-ஆல் வகுத்த மீதியாகக் கேட்கிறார்கள், இல்லாவிட்டால் 600 இலக்க எண் வருமாம். நான் `dp[i][j] == 0` என்றால் 'அங்கே போக முடியாது' என்று ஒரு சோதனை வைத்து வேகப்படுத்தினேன். எல்லாச் சோதனையும் தேறிவிட்டது.

ஜாவாஜெயந்தி

மீதி எடுத்த பிறகு 0 என்றால் போக முடியாது என்று எப்படிச் சொல்வீர்கள்? வழிகளின் எண்ணிக்கை அந்த எண்ணின் மடங்காக அமைந்தாலும் 0தானே?

தட்டச்சுத்தம்பி

அது நடக்க எத்தனை வாய்ப்பு? கட்டத்துக்கு 100 கோடியில் ஒன்று.

பழையகம்பைலர்

வழிகளை மட்டும் எண்ணுகிறீர்கள் என்றால் அந்தச் சோதனையால் விடை கெடாது. 0-ஐக் கூட்டினாலும் தாண்டினாலும் ஒன்றுதான். அதனால்தான் தேறியிருக்கிறது, வாய்ப்பு குறைவு என்பதால் இல்லை. 'போக முடியுமா' என்று தனியாக அச்சிடச் சொன்னால் அப்போது தப்பு. கணக்கு போடுபவர் வேண்டுமென்றே அப்படி ஒரு அமைப்பைச் செய்து வைக்கவும் முடியும்.

தட்டச்சுத்தம்பி

யாரும் செய்ய மாட்டார்கள்.

ஜாவாஜெயந்தி

நான் செய்து தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள்.